ஆண்டு விழா அறிவிப்பு: நாற்காலியையும் வண்டியையும் எண்ணிவிட்டு எழுதுங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பாளையங்கோட்டையில் ஆண்டு விழாக் காலம் தொடங்கிவிடும். மார்ச்சில் பொதுத்தேர்வு வருவதால் எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைப்பது சனவரிக் கடைசியும் பிப்ரவரி முதல் பாதியும்தான். நூறாண்டு கடந்த பள்ளிகளும் நேற்று முளைத்த பள்ளிகளும் கூப்பிடு தூரத்தில் நெருங்கி இருக்கும் ஊர் இது. ஒரே சனிக்கிழமை மாலையில் அடுத்தடுத்த இரண்டு பள்ளிகளில் விழா நடந்தால் முருகன்குறிச்சியிலிருந்து ஹைகிரவுண்ட் வரை வண்டி நகராது. ஆகவே தேதியைக் குறிக்கும் முன் அக்கம்பக்கத்துப் பள்ளி அலுவலகங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அச்சடித்த அழைப்பிதழ் இன்றும் இருக்கிறது. சிறப்பு விருந்தினருக்கும் ஆட்சிக்குழுவினருக்கும் அது வேண்டும். பெற்றோருக்குப் போய்ச் சேருவது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு படமும் அதன் கீழே உள்ள சில வரிகளும்தான். படத்தை வடிவமைக்க ஆள் கிடைத்துவிடுவார். கீழே வரும் வரிகளைத்தான் யாரோ கடைசி நேரத்தில் அவசரமாகத் தட்டிப் போடுகிறார்கள். இந்த அத்தியாயம் அந்த வரிகளைப் பற்றியது.

பெற்றோர் அந்த வரிகளில் தேடுவது நான்கே செய்திகள். என் பிள்ளை எத்தனை மணிக்கு மேடை ஏறும்? வீட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம்? வண்டியை எங்கே விடுவது? எத்தனை மணிக்கு முடியும்? நான்காவது கேள்வியைப் பள்ளிகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அம்பாசமுத்திரத்திலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ வருகிறவருக்கு முடியும் நேரம்தான் முதல் கேள்வி. திரும்பிப் போக ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். இந்த நான்குக்கும் பதில் எழுதுவதற்கு முன் மைதானத்தில் நாடா பிடித்து அளக்க வேண்டும். அளக்காமல் எழுதிய அறிவிப்பு மாலை ஐந்தரை மணிக்கு வாசலில் பொய்த்துப் போகும்.

கணக்குக்காக ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். பாளையில் எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை 600 பிள்ளைகள் படிக்கும் பள்ளி. மைதானம் 25 மீட்டர் அகலம், 45 மீட்டர் நீளம். கட்டடத்துக்குப் பின்னால் 750 சதுர மீட்டர் காலி இடம்.

நாற்காலிக் கணக்கு

600 பிள்ளைகள் என்றால் 600 குடும்பங்கள் அல்ல. அண்ணன் தங்கை ஒரே பள்ளியில் படிப்பார்கள். வருகைப் பதிவேட்டை வைத்துப் பார்த்தால் நம் பள்ளியில் 480 குடும்பங்கள் வருகின்றன என்று கொள்வோம். குடும்பத்துக்கு இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்தால் 960 நாற்காலி வேண்டும்.

வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் நாற்காலி சுமார் 55 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். முன் வரிசையின் முதுகிலிருந்து பின் வரிசையின் முதுகு வரை 90 சென்டிமீட்டர் விட்டால்தான் ஒருவர் உட்கார்ந்திருக்க இன்னொருவர் அவரைத் தாண்டிப் போக முடியும். ஆக, ஒரு நாற்காலிக்கு அரைச் சதுர மீட்டர். 960 நாற்காலிக்கு 480. நடைபாதைகளுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் மொத்தம் 640. பந்தலை 20 மீட்டர் அகலத்துக்குப் போட்டு, நடுவில் 2 மீட்டர் பாதையும் இரு ஓரங்களிலும் 1.2 மீட்டர் பாதையும் விட்டால் நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 14 என வரிசைக்கு 28 நாற்காலி வரும். 35 வரிசை. இடையில் குறுக்கே ஒன்றரை மீட்டர் பாதை. நீளவாக்கில் மொத்தம் 33 மீட்டர். மேடைக்கு 6 மீட்டர், மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே 4 மீட்டர் என்றால் 43 ஆயிற்று. மைதானத்தில் சரியாக அடங்கிவிடுகிறது. பந்தலுக்கு வெளியே பக்கவாட்டில் மிஞ்சும் 5 மீட்டர் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வருவதற்கான வழி. அங்கே ஒரு பைக்கைக்கூட விடக் கூடாது.

பாதைகளை மிச்சம்பிடித்து இன்னும் நூறு நாற்காலி போடலாமே என்று பந்தல்காரரே சொல்வார். இணங்காதீர்கள். 1995 டிசம்பர் 23 அன்று அரியானாவின் மண்டி டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாப் பந்தல் தீப்பிடித்து 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகளும் தாய்மாரும். துணிக் கூரை, மின்கசிவு, வெளியேறப் போதிய வழி இல்லாத கூட்டம் என்று மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. நம் ஊருக்குப் பக்கத்துக் கதையும் உண்டு. 2004 சனவரியில் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கொட்டகை எரிந்து ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பந்தலின் பக்கங்களைத் துணியால் அடைக்காமல் மூன்று பக்கமாவது திறந்து விடுங்கள். ஜெனரேட்டரைப் பந்தலிலிருந்து தள்ளி வையுங்கள். வெளியேறும் வழி எது என்று அறிவிப்பில் ஒரு வரி எழுதுங்கள். விழா தொடங்கும்போது ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் ‘குடும்பத்துடன் வருக’ என்ற வழக்கமான வரி எவ்வளவு பெரிய சிக்கல் என்று தெரியும். வீட்டுக்கு நான்கு பேர் வந்தால் 1,920 பேர். பாதிப் பேருக்கு நாற்காலி இல்லை, நிற்கவும் இடமில்லை. அதனால் ‘இரண்டு பேர்’ என்று எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மடியில் உட்காரும் கைக்குழந்தைக்குச் சீட்டு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதைக் கேட்டே அலுவலகப் போன் ஓயாது.

ஆனால் ஆச்சியும் தாத்தாவும்? பேத்தி ஆடுவதைப் பார்க்கக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கிளம்பி வரும் ஆச்சியை வாசலில் நிறுத்திச் சீட்டு இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, சொல்லவும் கூடாது. இதற்கு நல்ல வழி, முந்தின நாள் காலையில் முழு உடையோடு நடக்கும் ஒத்திகையைத் தாத்தா பாட்டிகளுக்குத் திறந்துவிடுவதுதான். வெயிலுக்கு முன் முடிந்துவிடும், கூட்டம் இராது, முன்வரிசையில் உட்காரலாம், பகல் பஸ்ஸில் ஊர் திரும்பலாம். அறிவிப்பில் இதை இரண்டாம் தர ஏற்பாடுபோல் எழுதாமல் அவர்களுக்கான தனி அழைப்பாகவே எழுதுங்கள்.

நடுப்பாதையும் குறுக்குப்பாதையும் பந்தலை நான்கு பகுதியாகப் பிரிக்கின்றன. முன்பகுதி இரண்டும் மஞ்சள், பின்பகுதி இரண்டும் பச்சை. சீட்டும் அதே நிறத்தில். மஞ்சள் யாருக்கு? எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. சின்னப் பிள்ளைகள் முதலில் ஆடிவிட வேண்டும்; அரிதாரமும் ஜரிகையும் போட்டு ஏழு மணி வரை காத்திருந்தால் தூங்கிவிடும், அல்லது அழும். முதல் பகுதி முடிந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு புறப்பட விரும்புகிறவர்கள் புறப்படுவார்கள். காலியான மஞ்சள் பகுதிக்குப் பச்சைச் சீட்டுக்காரர்கள் முன்னேறி வரலாம். இப்படிச் செய்தால் தன் பிள்ளை மேடையில் இருக்கும்போது பெரும்பாலான பெற்றோர் முன்பக்கம் இருப்பார்கள். அண்ணன் நான்காம் வகுப்பு, தங்கை யு.கே.ஜி. என்றால் குடும்பத்துக்கு மஞ்சள் சீட்டே கொடுங்கள். கடைசி வரை அவர்கள் அங்கேயே இருக்கட்டும்.

விருந்தினருக்கு ஒரு வரிசையில் பாதி போதும். முதல் ஐந்து வரிசையைக் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டுப் பாதி நாற்காலி விழா முடியும் வரை காலியாகக் கிடப்பது பெற்றோரை மிகவும் நோகச் செய்கிறது, அந்த வருத்தம் நியாயமானது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு நடுப்பாதை ஓரமாக இடம் விடுங்கள். பாளையில் காது கேளாதோர் பள்ளி நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. அதில் படித்து இங்கேயே குடும்பம் நடத்துகிற பெற்றோர் உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். சைகை மொழி தெரிந்த ஒருவரை மேடையின் ஒரு மூலையில் நிறுத்த முடிந்தால், அவர் தெரியும் பக்கத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்து அதையும் ஒரு வரியில் அறிவியுங்கள்.

கைப்பேசியை உயர்த்திப் பிடித்து எழுந்து நிற்கும் முதல் ஆள் தனக்குப் பின்னால் இருக்கும் முப்பது வரிசையையும் எழுப்பிவிடுவார். ‘எழுந்து நின்று படம் எடுக்காதீர்’ என்று எழுதிப் பயனில்லை. எங்கே நின்று எடுக்கலாம் என்று காட்ட வேண்டும். மேடைக்கு முன்னால் விட்ட 4 மீட்டரில் இடப்பக்க ஓரத்தைக் கயிறு கட்டிப் படம் எடுக்கும் இடமாக்குங்கள். அந்தந்த வகுப்பு ஆடும்போது அந்த வகுப்புப் பெற்றோர் மட்டும், வீட்டுக்கு ஒருவர்.

மேடையை மேற்கே போட்டுவிடாதீர்கள். பிப்ரவரியில் இங்கே சூரியன் மறைய ஏறக்குறைய ஆறரை ஆகும். அதுவரை பெற்றோர் எல்லாரும் கண்ணில் வெயில் அடிக்கத்தான் பார்ப்பார்கள்.

வண்டிக் கணக்கு

எத்தனை வண்டி வரும் என்பதை ஊகிக்க வேண்டாம். பத்து நாளுக்கு முன் பிள்ளையின் டைரியில் ஒரு சிறு தாளை வைத்து அனுப்புங்கள்: பைக், கார், ஆட்டோ, பஸ், நடை, இவற்றில் ஒன்றைக் குறித்துக் கையெழுத்து. நம் பள்ளியில் 300 பைக், 70 கார், மீதிப் பேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் நடந்தும் என்று வந்ததாக வைப்போம்.

ஒரு பைக்கை நிறுத்தவும் எடுக்கவும் வழியோடு சேர்த்து இரண்டரைச் சதுர மீட்டர் ஆகும். 300க்கு 750. பின்பக்கக் காலி இடம் சரியாகப் போயிற்று. காருக்கு அதேபோல் 25 சதுர மீட்டர் வேண்டும். 70 காருக்கு 1,750. பந்தலே போடாமல் மைதானம் முழுவதையும் கொடுத்தாலும் 45 கார்தான் நிற்கும். ஆகவே இந்தப் பள்ளிக்குள் கார் கிடையாது. இதைத் தெளிவாக எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. ‘வாகன நிறுத்த வசதி உண்டு’ என்று மழுப்பி எழுதினால் எழுபது காரும் உள்ளே வரப் பார்க்கும்.

கார்களுக்குப் பக்கத்துப் பள்ளியின் மைதானத்தைக் கேட்டு வாங்குங்கள். வேறு வேறு தேதியில் விழா வைத்துக்கொண்டால் இவர்கள் மைதானம் அவர்களுக்கும் அவர்கள் மைதானம் இவர்களுக்கும் உதவும். வாய்ச்சொல் போதாது, கடிதம் எழுதி எழுத்திலேயே இசைவு வாங்குங்கள். அன்று மாலை அந்தக் கேட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்பதும் அதில் இருக்கட்டும். இருட்டிய பிறகு அங்கே விளக்கு எரியுமா என்று முந்தின நாள் இரவே போய்ப் பாருங்கள். வரும்போது வெளிச்சம் இருக்கும். பிள்ளையோடு திரும்பும்போது இருட்டாக இருக்கும்.

சாலையோரத்தில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது என்பதற்குப் பாளையில் தனிக் காரணம் இருக்கிறது. ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆம்புலன்ஸ் அங்கேதான் வருகிறது. காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதிக்கு மனுக் கொடுக்கும்போதே போக்குவரத்துக் காவலரையும் கேளுங்கள். ஆட்டோவும் வேனும் முன்வாசலில் இறக்கிவிட்டு உடனே நகர வேண்டும்; திரும்ப வந்து ஏற்ற வேண்டிய இடம் எது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதுங்கள்.

உள்ளே வரும் வழியைப்போல வெளியே போகும் வழிக்கும் திட்டம் வேண்டும். பைக் பின்வாசலில் நுழைந்து பின்வாசலிலேயே வெளியேறட்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைப்பது முன்பக்க வகுப்பறைகளில், சீட்டின் அடிக்கட்டையைக் காட்டினால் மட்டும். பிள்ளை நடக்கும் வழியும் வண்டி வரும் வழியும் எங்கேயும் குறுக்கிடக் கூடாது.

வாசலில் நடப்பதை ஒருமுறை நின்று பாருங்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தாமலே, “தம்பி, வண்டிய எங்க விடணும்?” என்று கேட்பார். காவலர், “உள்ள எடம் இல்ல அண்ணாச்சி, அந்தப் பக்கம் போங்க” என்று கையை வீசுவார். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? பின்னால் ஐந்து வண்டி ஹாரன் அடிக்கும். காவலருக்கும் அறிவிப்பின் ஒரு படியைக் கொடுத்து, அதில் உள்ள அதே சொற்களில் பதில் சொல்லப் பழக்கினால் இந்த நெரிசல் பாதி குறையும்.

எழுதும் விதம்

கணக்கு முடிந்தது, இனி வரிகள். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

‘எமது பள்ளியின் ஆண்டு விழா வரும் சனிக்கிழமை மாலை மிகச் சிறப்பாக நடைபெற உள்ளது. மாணவ மாணவியரின் கண்கவர் கலைநிகழ்ச்சிகள் இடம்பெறும். பெற்றோர் அனைவரும் குடும்பத்துடன் தவறாது கலந்துகொண்டு விழாவைச் சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். வாகனங்களை உரிய இடத்தில் நிறுத்தி ஒத்துழைக்கவும்.’

மரியாதையான நடைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ‘வரும் சனிக்கிழமை’ என்பது இந்தச் செய்தி அடுத்த வாரம் வேறு குழுவுக்குப் போனால் வேறு தேதி ஆகிவிடும். ‘உரிய இடம்’ எது என்று யாருக்கும் தெரியாது. நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. நம் பள்ளிக்கு இதை இப்படி எழுதலாம்:

‘ஆண்டு விழா: 2026 பிப்ரவரி 7, சனிக்கிழமை, மாலை 5.00 முதல் 8.15 வரை, பள்ளி மைதானம்.
கார் பள்ளிக்குள் வர இயலாது. எதிர்ச்சாரிப் பள்ளி மைதானத்தில் நிறுத்தவும். அங்கிருந்து 3 நிமிட நடை.
பைக், ஸ்கூட்டர்: பள்ளியின் பின்வாசல், 4.15 முதல்.
ஆட்டோ, வேன்: முன்வாசலில் இறக்கிவிடலாம், நிற்க வேண்டாம். 8 மணிக்குப் பின்வாசல் தெருமுனையில் ஏற்றலாம்.

பெற்றோர்களுக்கு வணக்கம். குடும்பத்துக்கு இரண்டு சீட்டு பிள்ளையின் டைரியில் வரும். மடிக்குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். மஞ்சள் சீட்டு முன்பகுதி, பச்சைச் சீட்டு பின்பகுதி. 6.45க்குப் பிறகு முன்பகுதியில் காலியாகும் நாற்காலிகளில் பச்சைச் சீட்டுக்காரர்கள் அமரலாம்.

5.00 வரவேற்பு, ஆண்டறிக்கை, விருந்தினர் உரை
5.30 எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை
6.30 இந்த வகுப்புப் பிள்ளைகளை முன்பக்க வகுப்பறையில் சீட்டைக் காட்டி அழைத்துக்கொள்ளலாம்
6.45 மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, பரிசளிப்பு
8.15 நாட்டுப்பண்

தாத்தா பாட்டிகளே, உங்களுக்காகப் பிப்ரவரி 6, வெள்ளி காலை 8.30க்கு முழு உடை ஒத்திகை. முன்வரிசை உங்களுக்கே. சீட்டு வேண்டாம்.

கனமழை பெய்தால் விழா பிப்ரவரி 14, சனிக்கிழமைக்கு மாறும். மாறினால் பிப்ரவரி 7 பகல் 12 மணிக்குள் இதே குழுவில் சொல்வோம்.’

இதில் காரைப் பற்றிய வரி வணக்கத்துக்கும் முன்னால் வந்திருப்பது சிலருக்கு உறுத்தலாம். நீளமான செய்தியை வாட்ஸ்அப் மடித்துவிடுகிறது. மேலே தெரிவது முதல் சில வரிகள்தான். சனிக்கிழமை மாலை வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றுகொண்டு போனைத் திறப்பவருக்கு வேண்டியது அந்த வரிகள். அழைப்பிதழில் வணக்கம் முதலில் இருக்கட்டும். இங்கே முதலில் வேண்டியது தகவல்.

தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியைத் திறந்து சரிபாருங்கள். இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. தேதி, நேரம், கார் நிறுத்தம் மூன்றும் படத்தின் மேலேயும் கீழே உள்ள வரிகளிலும் இருக்க வேண்டும். படத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. குழுவில் பழைய செய்தியைத் தேடுகிறவருக்குப் படத்துக்குள் உள்ள எழுத்து அகப்படாது. இடக்குறி அனுப்பினால் பள்ளியின் முன்வாசலுக்கு ஒன்று, கார் மைதானத்தின் வாசலுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பெயரிட்டு அனுப்புங்கள். பள்ளிப் பெயரைத் தட்டினால் வரைபடம் எல்லாக் காரையும் முன்வாசலுக்குத்தான் கொண்டுவந்து விடும். பள்ளியின் பொதுப் பக்கத்தில் இதையே இடும்போது பிள்ளைகளின் பெயரையும் வகுப்பையும் சேர்க்காதீர்கள்.

அனுப்பும் முன் மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்: வேன் ஓட்டுநர், வாசல் காவலர், இந்த ஆண்டுதான் பிள்ளையைச் சேர்த்த ஒரு பெற்றோர். அவர்கள் கேட்கும் கேள்விதான் அறிவிப்பில் விடுபட்ட வரி. அனுப்பிய பிறகும் ஒரே கேள்வி அலுவலகத்துக்கு மூன்றாம் முறை வந்தால், பதில் சொல்வதோடு நிற்காமல் அறிவிப்பைத் திருத்துங்கள். திருத்தும்போது முடிந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதன் தலையில் ‘திருத்தியது’ என்றும் தேதியும் போடுங்கள். இரண்டு படம் சுற்றினால் பாதிப் பேர் பழையதைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று தடவை அனுப்பினால் போதும்: பதினைந்து நாள் முன்பு, விழா வாரத்துப் புதன்கிழமை, விழா நாள் காலை. ஒவ்வொரு முறையும் வார்த்தை மாறாமல் அதே வரிகள்.

முடியும் நேரத்தில் உறுதியாக இருங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆனால் பள்ளிக்கு அதுவரை போகவே தேவையில்லை. உரைகள் நீண்டால் குறைய வேண்டியது உரை, ஐந்தாம் வகுப்பின் நாடகம் அல்ல. விருந்தினருக்கு அனுப்பும் கடிதத்திலேயே அவருக்குரிய நிமிடங்களைப் பணிவாகக் குறித்துவிடலாம்.

மழை வரியை ‘தை மாசி தானே’ என்று விட்டுவிடாதீர்கள். 2021இல் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் பாபநாசம் மலைப்பக்கம் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை புரண்டது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லையே மிதந்தது. தூறல் என்றால் விழா நடக்கும், ஆனால் கார் மைதானத்து மண் இளகிவிடும். அதற்கும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: அன்று காலை மைதானத்தின் நடுவில் பள்ளி வேனை ஓட்டிப் பாருங்கள். சக்கரம் விரலளவு புதைந்தால் கார் மைதானம் அன்று உதவாது. உடனே, பகல் 12 மணிச் செய்தியிலேயே, ‘மைதானம் ஈரமாக இருப்பதால் இன்று கார் வேண்டாம், பைக்கிலோ ஆட்டோவிலோ வாருங்கள்’ என்று முதல் வரியாகப் போட்டு அனுப்புங்கள்.